அடைத்தது தண்ணீர் இல்லை

குளித்துவிட்டு வந்ததும் ஒரு காது அடைத்துக்கொண்டது என்று சொல்லி வருகிறவர்கள் தண்ணீர்மேல்தான் பழி போடுவார்கள். அந்தப் பழியில் பெரும்பங்கு தண்ணீருக்குச் சேராது. பெரும்பாலான இப்படிப்பட்ட காதுகள் அன்றைக்குக் குளிக்கப் போகும் முன்பே முக்கால்வாசி அடைத்திருக்கும். மிச்சமிருந்த இடுக்கை மூடியது மட்டும்தான் தண்ணீரின் வேலை. திரிங்காப்பைப் போன்ற மலையூரில், தேயிலைத் தோட்டத்திலும் காய்கறிக் கொல்லையிலும் வேலை முடித்து வருகிறவர்களின் காதைப் பார்க்கும் மருத்துவ உதவியாளர்களுக்கு இது பழகிப்போன முறையீடு. பழகிப்போனது காது அடைப்பு மட்டுமில்லை. வருகிறவர் அதற்குள் என்ன செய்திருப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும்: முதலில் காட்டன் பட், அது பலிக்காவிட்டால் எண்ணெய். சும்மா விட்டிருந்தால் எளிதாகத் தீர்ந்திருக்கும் அடைப்பைச் சிக்கலாக்குவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான் என்பது என் வாதம்.

காதுத் துளையிலிருந்து செவிப்பறை வரையுள்ள குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. ரோமமும் மெழுகு சுரக்கும் சுரப்பிகளும் அங்கே மட்டும்தான் உண்டு. உள்ளே இருக்கும் மூன்றில் இரண்டு பங்கு எலும்புச் சுவர். அதன்மேல் போர்த்தியிருக்கும் தோல் மிக மெல்லியது, குறும்பி சுரக்காதது. ஆகவே செவிப்பறையை ஒட்டிக் குறும்பி கிடந்தால், அது அங்கே தானாக உண்டானதாகப் பெரும்பாலும் இருக்காது. வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதை அங்கே தள்ளியிருக்க வேண்டும். காதுக்குள் விளக்குக் கருவியால் எட்டிப் பார்க்கும்போது நாங்கள் முதலில் கவனிப்பது இதைத்தான்: குறும்பி எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பது.

குறும்பி என்பது அழுக்கு என்ற எண்ணத்திலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. எண்ணெய்ப்பசை, சுரப்பி நீர், உதிர்ந்த தோல் செதில்கள் ஆகியவை சேர்ந்த கலவை அது. லேசாகப் புளிப்புத் தன்மை கொண்டது என்பதால் கிருமியும் பூஞ்சையும் எளிதில் வளர விடாது. அதை வெளியேற்றவும் காதுக்கு வழி உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் தோல் வளர்ந்த இடத்திலேயே உதிரும். செவிப்பறையிலும் காதுக்குழாயிலும் மட்டும் அது நடுவிலிருந்து வெளிவாசலை நோக்கி மெல்ல நகர்ந்து வரும். செவிப்பறைமேல் மைப்புள்ளி வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அந்தப் புள்ளி ஏறக்குறைய நகம் வளரும் வேகத்தில் ஓரத்துக்கு நகர்வதைக் கண்டார்கள். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவது இதற்கு உதவுகிறது. பெரும்பாலோருக்குக் குறும்பி இப்படித்தான் துகளாகித் தலையணையிலோ துண்டிலோ உதிர்கிறது, உதிர்ந்ததே தெரியாமல். குழாய் இயல்பிலேயே குறுகலானவர்களுக்கும், வயதில் குறும்பி காய்ந்தவர்களுக்கும், காதுகேள் கருவியோ இரைச்சலுக்கான காதடைப்பானோ நாள்தோறும் செருகுகிறவர்களுக்கும் இந்த நகர்வு தடைப்படும். புல்வெட்டும் இயந்திரத்தோடு வேலை செய்கிறவர்கள் இந்தக் கடைசி வகையில் வருவார்கள். அதற்காக அவர்கள் காதடைப்பானைக் கழற்றிவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை காதைக் காட்டினால் போதும்.

இனி, குளியலில் நடப்பது. குழாய் குறும்பியால் பெரும்பகுதி அடைத்திருந்தாலும் ஒரு சின்ன இடுக்கு திறந்திருக்கும்வரை ஒலி அதன் வழியே நுழைந்துவிடும், கேட்பதில் பெரிய குறை தெரியாது. இடுக்கு முழுதாக மூடிய அந்த நொடியில்தான் காது மந்தமாகிறது. குறைவு 30 முதல் 40 டெசிபல் வரைகூடப் போகலாம். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில் இருப்பதால், எதிரில் பேசுகிறவர் கிசுகிசுப்பது போலக் கேட்கும். தன் குரல் மட்டும் தலைக்குள் முழங்கும். குறும்பியில் பெரும்பங்கு தோல் செதில்தான். தண்ணீர் பட்டதும் அந்தச் செதில் ஊறி உப்புகிறது, மிச்சமிருந்த மயிரிழை இடுக்கும் அடைபடுகிறது. சில வேளை குறும்பிக்கும் செவிப்பறைக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீரும் சிக்கிக்கொள்ளும். அடைப்பு பல மாதமாகச் சேர்ந்தது, செவிடானது ஒரு நிமிடத்தில். இதை விளங்கிக்கொள்ளாதவர் ஏதோ புதிதாக உள்ளே போய்விட்டது என்று நினைக்கிறார், அதை எடுக்கக் குச்சியைத் தேடுகிறார்.

மலைவாசிகளுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும்போது காது அடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அது செவிப்பறைக்குப் பின்னால் காற்றழுத்தம் சமமாகாததால் வருவது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ படக்கென்று திறந்துவிடும். குளித்தபின் வந்த அடைப்பு அப்படித் திறக்காது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிப் பார்ப்பதில் பயனில்லை.

காட்டன் பட்டுக்கு வருவோம். அதன் பஞ்சுத் தலை, காதுக்குழாயின் அகலத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டே உள்ளே போகிறது. சுற்றிலும் ஒட்டியிருக்கும் குறும்பியில் கொஞ்சம் பஞ்சில் தொற்றிக்கொள்ளும். மிச்சம் முழுவதும், உலக்கை இடிப்பதைப் போல, உள்ளே தள்ளப்படும். குருத்தெலும்பும் எலும்பும் சேரும் இடத்தில் குழாய் குறுகுகிறது. அந்தக் கழுத்தைத் தாண்டிப் போன குறும்பி, தோல் நகரும் வேகத்தில் தானாக வெளியே வருவது கடினம். நாள்தோறும் குளித்ததும் பட் போடுகிறவர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்பை அங்கே கெட்டிப்படுத்துகிறார். அதனால்தான், சுத்தத்தில் மிகவும் கவனமாக இருப்பவருக்கே குளித்ததும் காது அடைப்பதை எங்கள் தொழிலில் அதிகம் பார்க்கிறோம். அடைத்தபின் போடும் பட் இன்னும் மோசம். குறும்பி அப்போது ஊறி மிருதுவாகியிருக்கும். ஒரே தள்ளில் அது செவிப்பறையில் போய் அப்பிக்கொள்ளும்.

இதற்கு வரும் மறுப்பு எங்களுக்குப் பாடம்: “பட்டை எடுத்தால் மஞ்சளாக வருகிறதே, அப்படியானால் வேலை செய்கிறதுதானே?” மஞ்சள் வருவது உண்மை. ஆனால் அது வெளிப்பங்கில் இருந்த குறும்பி, விட்டிருந்தால் தானே உதிர்ந்திருக்கும். பஞ்சில் தெரிவதை வைத்து உள்ளே போனதை அளக்க முடியாது. இரண்டாவது மறுப்பு, அரிப்பு தாங்கவில்லை, குடைந்தால்தான் சுகம் என்பது. அந்தச் சுகமும் உண்மைதான். காதுக்குழாயின் தோலில் நரம்புகள் மிகுதி. அவற்றுள் ஒன்று இருமலைத் தூண்டும் நரம்பின் கிளை; குடையும்போது சிலருக்குத் தொண்டை கரகரத்து இருமல் வருவது அதனால்தான். ஆனால் குறும்பியைத் துடைத்தெடுத்தால் அதன் பசைக்காப்பு போய்த் தோல் வறளும். வறண்ட தோல் அரிக்கும், அரித்தால் மறுபடி பட் வரும். இந்தச் சுற்றில் ஒரு நாள் தோலில் கீறல் விழுகிறது, ஈரமும் இருந்தால் கிருமி நுழைகிறது. அரிப்பை நிறுத்த வேண்டுமென்றால் முதலில் குடைவதை நிறுத்த வேண்டும். இதை ஒப்புக்கொள்ளத்தான் யாருக்கும் மனமில்லை.

இது கிளினிக்காரர்களின் பயமுறுத்தல் இல்லை. காட்டன் பட்டை 1923-இல் அமெரிக்காவில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லியோ கெர்ஸ்டென்சாங். இன்று அந்தப் பொருளை விற்கிறவர்களே காதுக்குழாய்க்குள் செருகாதீர்கள் என்று பெட்டியில் அச்சிடுகிறார்கள். பெரும்பாலும் எந்த வேலைக்காக வாங்கப்படுகிறதோ அந்த வேலைக்கு உதவாது என்று தானே எச்சரிக்கும் பொருள் கடையில் வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. 1990 முதல் 2010 வரை அமெரிக்க அவசரப் பிரிவுகளுக்குக் காட்டன் பட்டால் காதில் காயம்பட்டு வந்த சிறுவர்களைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது: சுமார் 2,63,000 பேர், நாளொன்றுக்கு ஏறத்தாழ 34 பேர். பெரும்பாலோருக்குக் காயம் காதைச் சுத்தம் செய்யும்போது ஏற்பட்டது. கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி இவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எண்ணெய் இதைவிட நுட்பமான விஷயம், ஏனென்றால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் இந்த ஊருக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறையும். கேமரன் மலையில் இரவு 16, 17 டிகிரிக்கு இறங்கும். ஆகவே இங்கே வீட்டு அலமாரியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் பெரும்பாலான நேரம் வெண்ணெய்போல் உறைந்தே கிடக்கும். ஈப்போவிலோ கிள்ளானிலோ போத்தலைச் சாய்த்து நேராகச் சொட்டுவிடுகிறவர், இங்கே அதைக் கரண்டியில் எடுத்து அடுப்பில் காட்டுகிறார். உருகிய எண்ணெய் எவ்வளவு சூடு என்று கண்ணால் தெரியாது. விரலில் தொட்டால் பொறுக்கும் சூட்டைச் செவிப்பறை பொறுக்காது. நல்லெண்ணெய் உறைவதில்லை, ஆனால் அதிலும் பூண்டும் மிளகும் போட்டுக் காய்ச்சும் வழக்கம் இருப்பதால் கதை அங்கேயும் ஒன்றுதான். சூட்டுக் காயம் பட்ட காதுக்குழாய் வீங்கும். வீங்கினால் அடைப்பு இன்னும் இறுகும்.

எண்ணெய் சூடில்லாமல் இருந்தாலும் குளித்து அடைத்த காதில் உடனே ஊற்றுவது தவறு. குழாயில் மிச்சமிருக்கும் கொஞ்ச வெற்றிடத்தையும் எண்ணெய் நிரப்பிவிடும், அதனால் முதல் சில மணிநேரம் மந்தம் கூடும். உள்ளே தண்ணீர் சிக்கியிருந்தால் அது உலரும் வழியையும் எண்ணெய் மூடும். ஈரமும் இதமான சூடும் காற்றோட்டமில்லாத இடமும் சேர்ந்தால் காதில் பூஞ்சை வளர்வதற்கு வேறென்ன வேண்டும்? தாங்காத அரிப்பும், ஈரமான காகிதத்தைக் கசக்கியது போன்ற படலமும், அதில் சில வேளை கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது பூஞ்சை. எல்லாவற்றையும்விட முக்கியமானது செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது. சிறுவயதில் சீழ் வடிந்த காதில் ஓட்டை ஆறாமலே இருக்கக்கூடும், அவருக்கே அது தெரியாமல் இருக்கும். அந்தக் காதில் விட்ட எண்ணெய் நடுச்செவிக்குள் இறங்கும். உள்ளே பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் டாக்டர்களே ஒலிவ் எண்ணெய்ச் சொட்டு எழுதித் தருகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவைகூட ஒலிவ் அல்லது பாதாம் எண்ணெயைப் பரிந்துரைக்கிறது. ஆனால் அந்த முறையைப் பாருங்கள்: காய்ச்சாத எண்ணெய், ஒரு வேளைக்கு 2 அல்லது 3 சொட்டு, நாளுக்கு 3, 4 வேளை, 3 முதல் 5 நாள். ஒருக்களித்துப் படுத்துச் சில நிமிடம் காதை மேலே வைத்திருக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டையோ, வலியோ, சீழோ இருந்தால் கூடவே கூடாது. குறும்பியை மிருதுவாக்கித் தானே வெளிவர வைப்பதோ, பின்னால் கழுவுவதற்குப் பக்குவப்படுத்துவதோதான் இதன் நோக்கம். கரண்டி கரண்டியாக ஊற்றிப் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் எண்ணெய் என்ற சொல்லைத் தவிர உறவு குறைவு. இந்தச் சொட்டு மருந்துகளை ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, ஒன்றைவிட மற்றொன்று சிறந்தது என்று நம்பகமாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை என்றே முடித்தது. வெறும் தண்ணீரும் உப்புநீரும்கூட மற்றவற்றுக்குத் தெளிவாகத் தோற்கவில்லை. எண்ணெயிடம் தனி மகிமை எதுவும் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எண்ணெய் உண்மையிலேயே உதவும் சமயம் ஒன்று உண்டு: காதுக்குள் உயிரோடு பூச்சி புகுந்துவிட்டால். செவிப்பறை நன்றாக இருப்பவருக்கு, காய்ச்சாத எண்ணெயைக் கொஞ்சம் விட்டால் பூச்சி அசைவற்றுப்போகும். பிறகு கிளினிக்கில் எடுத்துக்கொள்ளலாம். பாட்டிகள் அந்த அளவில் சரியாகத்தான் சொன்னார்கள்.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கொழுந்து வெட்டும் வேலை முடித்து வெள்ளிக்கிழமை மாலை தலைக்குக் குளிக்கும் ஓர் அம்மாவுக்கு வலது காது அடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றிரவு பட், சனிக்கிழமை உருக்கிய தேங்காய் எண்ணெய், ஞாயிறு மறுபடி பட், ஏனென்றால் இப்போது அரிக்கிறது. திங்கட்கிழமை கிளினிக்குக்கு வரும்போது காதுத் துளையின் முன்னால் இருக்கும் சிறு மடலை அழுத்தினாலே துடிக்கிறார். குறும்பி மட்டும் அடைத்த காது அப்படி வலிக்காது. அந்த வலி, குழாயின் தோல் வீங்கிப் புண்ணாகிவிட்டதைச் சொல்கிறது. விளக்கைக் காட்டினால் சிவந்த சுவர், நடுவில் எண்ணெய் மினுங்கும் பழுப்புக் கட்டி. இந்தக் காதைக் கழுவ முடியாது. கிருமிநாசினிச் சொட்டு, வீக்கம் அதிகமென்றால் மருந்தில் தோய்த்த திரி, ஏறக்குறைய ஒரு வாரம். வீக்கம் வடிந்த பிறகே குறும்பியைத் தொடலாம். சர்க்கரை நோய் இருந்தால் கவலை கூடும், அந்தத் தொற்று எலும்புக்குப் பரவக்கூடும். மலேசியத் தமிழரிடையே சர்க்கரை நோய் எவ்வளவு சகஜம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதே அம்மா வெள்ளிக்கிழமை தலையைச் சாய்த்து, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, வந்த தண்ணீரைத் துண்டால் வெளியில் மட்டும் ஒற்றிவிட்டுத் தூங்கியிருந்தால்? வெறும் தண்ணீராக இருந்தால் காலையில் திறந்திருக்கும். திறக்காவிட்டால் அது குறும்பி. திங்கட்கிழமை வலியில்லாத காதோடு வந்திருப்பார், சில நாள் சொட்டு, பிறகு ஒரு கழுவல், தீர்ந்தது.

கழுவுவதும் வீட்டில் செய்கிற வேலை இல்லை. இந்த மலைக் குழாயில் வரும் தண்ணீரின் குளிர்ச்சி அதற்கு முதல் காரணம். காதுக்குள் குளிர்ந்த நீர் பாய்ந்தால் உட்செவியின் சமநிலை உறுப்பு கலங்கித் தலை சுற்றும், கண் ஆடும், வாந்திகூட வரும். வியன்னாவில் காது கழுவும்போது நோயாளிகள் இப்படித் தடுமாறுவதைக் கவனித்துத்தான் ராபர்ட் பாரானி அந்த உறுப்பின் இயக்கத்தை விளக்கினார். அதற்காக 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் பெற்றார். ஆகவே கிளினிக்கில் நீரை உடல் வெப்பமான 37 டிகிரிக்குக் கொண்டுவந்து, செவிப்பறையில் நேராக அடிக்காமல் குழாயின் மேல் பின்சுவரை நோக்கிச் செலுத்துகிறோம். தண்ணீர் குறும்பிக்குப் பின்னால் சுழன்று அதை வெளியே தள்ளிக்கொண்டு வரும். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். ஓட்டை உள்ள காது, அறுவை செய்த காது, ஒரே காது மட்டும் கேட்கிறவரின் அந்தக் காது ஆகியவற்றைக் கழுவுவதில்லை. அவர்களை உறிஞ்சிக் கருவியால் சுத்தம் செய்யும் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு, அதாவது ஈப்போவுக்கு, அனுப்பிவிடுவோம். தூரம், செலவு என்று தயங்குகிறவர்களின் சங்கடம் எனக்குப் புரிகிறது. சனி ஞாயிறு பிரிஞ்சாங் சாலை நெரிசலைத் தெரிந்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஆனால் வலியில்லாத குறும்பி அடைப்பு ஓரிரு நாள் காத்திருக்கும். அவசரம் வேண்டியதில்லை.

காத்திருக்காத ஒன்று உண்டு, பட்டையும் எண்ணெயையும் நான் எதிர்ப்பதற்கு அதுவே பெரிய காரணம். சிலருக்கு உட்செவி நரம்பு திடீரென்று செயலிழக்கும். அதுவும் காது அடைத்ததுபோலத்தான் தோன்றும். குளிக்கும்போதோ காலையில் எழும்போதோ கவனத்துக்கு வந்தால், தண்ணீர் போயிற்று என்றே நினைப்பார்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களிலேயே தொடங்குவது நல்லது, இரண்டு வாரத்துக்குமேல் தள்ளினால் பலன் மிகவும் குறையும். எண்ணெய் விட்டு இரண்டு வாரம் பார்க்கிறவர் அந்தக் காலத்தை முழுவதும் இழக்கிறார். வேறுபடுத்திப் பார்க்க நாங்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைப்போம். நீங்கள் வீட்டில் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். முனகல் அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அது பெரும்பாலும் குறும்பி அல்லது தண்ணீர். நல்ல காதில் பலமாகக் கேட்டாலோ, கூடவே தலைசுற்றலோ புதிதாக இரைச்சலோ இருந்தாலோ, எண்ணெய்ப் போத்தலைத் தொடாமல் அன்றைக்கே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். குறும்பிக்கு ஒரு வாரம் தாமதமானாலும் கேட்கும் திறன் திரும்பி வரும், நரம்புக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.